பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒரு செக்

செக் என்பது ஒரு வாக்குறுதியா என்று கேட்டால், சட்டப் புத்தகத்தைப் புரட்டி ‘இல்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். 2017 டிசம்பர் 4ஆம் தேதி ராத்திரி நானும் அப்படித்தான் முடிக்கப் பார்த்தேன். செந்தில் விடவில்லை.

மறுநாள் எங்களுக்கு வங்கிச் சட்டப் பேப்பர். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், மூன்றாவது மாடி. இரண்டு கட்டிலும் ஒரு மேசையும் போக ஈரத்துணி காயப்போடக்கூட இடமில்லாத அறை. வெளியே மழை. செந்திலுக்கு ஊர் பள்ளிபாளையம். அப்பா தறிப்பட்டறை வைத்திருக்கிறார், ரயான் துணி ஓட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோட்டு வியாபாரிகளுக்குப் போடுகிறார். செக் என்ற காகிதத்தை நான் சட்டக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் கையால் தொட்டேன். அவன் தொட்டிலில் இருந்தபோதே பார்த்தவன். சண்டை வந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் இருக்கிற பேர் ஆக்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881. நான்காவது பிரிவு புரோநோட்டு: இன்னாருக்கு இவ்வளவு பணம் தருவேன் என்று எழுதியவரே நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொள்வது. ஐந்தாவது பிரிவு பில் ஆஃப் எக்சேஞ்ச்: இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று எழுதியவர் வேறொருவருக்கு நிபந்தனையில்லாமல் உத்தரவிடுவது. ஆறாவது பிரிவு செக்: அந்த உத்தரவு ஒரு வங்கியின் பேருக்கு இருந்து, கேட்டவுடன் பணம் தரவேண்டியதாக இருந்தால் அது செக்.

“ஆக, புரோநோட்டு வாக்கு, செக் ஆணை. அஞ்சு மார்க் வந்தாச்சு. அடுத்ததுக்குப் போவோம்” என்றேன்.

“இருடா. செக் வாக்கு இல்லையா?” என்றான் செந்தில்.

“இல்ல மாப்ள. புத்தகத்துல இருக்கு பாரு.”

“புத்தகம் கெடக்குது. எங்கப்பா ஆகஸ்டுல துணி போட்டாரு. அந்த ஈரோட்டு யாவாரி, டிசம்பர் அஞ்சாம் தேதி பணம் வந்துரும்னு சொல்லி செக்கை எழுதிக் கையில குடுத்தாரு. இது வாக்கு இல்லைன்னா எதுடா வாக்கு?”

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். அதில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துக்கு மேலே, இதைக் கொண்டுவருபவருக்குப் பத்து ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கும். அது வாக்கு. ஒரு ரூபாய் நோட்டில் அந்த வரி கிடையாது. அதை வெளியிடுவது அரசாங்கமே என்பதால் நிதித்துறைச் செயலர் கையெழுத்து மட்டும் இருக்கும். ஊரில் எழுதுகிற புரோநோட்டை எடுத்தாலும் ‘தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது’ என்று ஆரம்பித்துச் செலுத்துவேன் என்று முடியும். பேசுகிறவர் ‘நான்’. செக்கில் ‘நான்’ எங்கே இருக்கிறது? ‘பே’ என்று ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு பெயர், ஒரு தொகை. எஜமான் கணக்குப்பிள்ளையிடம் ‘இவருக்குக் கொடுத்தனுப்பு’ என்று சீட்டு எழுதுவது மாதிரி. செக் பேசுவது அதை வாங்குகிறவரைப் பார்த்து இல்லை, வங்கியைப் பார்த்து.

இதை அன்றைக்கு நான் ரொம்ப ரசித்துச் சொன்னேன். அதோடு முப்பத்தொன்றாவது பிரிவையும் சேர்த்து அடித்தேன். கணக்கில் பணம் இருந்தும் வங்கி செக்கைத் திருப்பிவிட்டால், வங்கி பதில் சொல்ல வேண்டியது செக் எழுதியவருக்குத்தான். செக்கை வாங்கி வந்தவர் வங்கிமேல் கேஸ் போட முடியாது. உத்தரவிட்டவருக்கும் உத்தரவைப் பெற்றவருக்கும் நடுவில் உங்கப்பா வெறும் சீட்டைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் என்றேன்.

செந்தில் சிறிது நேரம் பேசவில்லை. மேசையில் கிடந்த என் பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு கீழே போய் இரண்டு டீ வாங்கிவந்தான். மீதியை அவன்தான் போட்டிருக்க வேண்டும். வந்து உட்கார்ந்ததும் கேட்டான்:

“சரி, ஆணைன்னே வெச்சுக்குவோம். முதலாளி ஆணை போட்டாரு. கணக்குப்பிள்ளை பணம் இல்லைன்னு திருப்பிட்டான். ஆணைக்குக் கீழ்ப்படியாதவன் கணக்குப்பிள்ளை. அப்புறம் எதுக்குடா முதலாளியைப் பிடிச்சு உள்ள போடறாங்க?”

இதற்கு நான் தயாராக இல்லை. நூற்று முப்பத்தெட்டாவது பிரிவைப் பற்றிக் கேட்கிறான் என்று புரிந்தது. தமிழ்நாட்டில் எந்த மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வாசலிலும் ‘ஒன் தர்ட்டி எய்ட்’ என்றால் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். செக் திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவு நிறைவேறாததற்கு உத்தரவிட்டவருக்கே தண்டனை என்றால், சட்டம் அந்தக் காகிதத்தை வெறும் உத்தரவாக மட்டும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

முப்பதாவது பிரிவைக் காட்டினேன். வங்கி செக்கைத் திருப்பிவிட்டால், உரிய முறையில் நோட்டீஸ் கொடுத்த பிறகு, எழுதியவர் அதை வைத்திருப்பவருக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்கிறது அது. ஆக, செக்கில் வாக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அது எழுதியவர் வாயால் சொன்ன வாக்கு அல்ல, சட்டம் அவர் சார்பில் எழுதிச் சேர்த்தது. அதுவும் இரண்டாம் வரிசையில் நிற்கிறது. முதலில் வங்கிக்குப் போக வேண்டும், அது கையை விரிக்க வேண்டும், தகவல் சொல்ல வேண்டும், அப்புறம்தான் எழுதியவர் வாசலுக்கு வரலாம். புரோநோட்டு எழுதியவன் வாசலுக்கு நேராகவே போகலாம்.

“சுத்தி வளைச்சு வந்தாலும் வாக்குதானே வருது?” என்றான்.

“சுத்தி வளைச்சு வர்றதுதான்டா வித்தியாசமே!”

பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். மணி பன்னிரண்டு இருக்கும்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அறைக்குள் கத்திக்கொண்டிருந்த விஷயத்தை, எங்களைவிடப் பெரிய ஆட்கள் எத்தனையோ காலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பிறகு தொழிலுக்கு வந்து செக் கேஸ்களில் உழன்றபோதுதான் படித்தேன். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் பெலிக்கன் என்ற சிற்றூரில் ஒரு சின்ன வங்கி. அதன் தலைவரே கணக்கில் பணமில்லாமல் ஒரு வங்கி செக்கை இன்னொரு வங்கியில் போட்டு, அந்த வங்கி செக்கை இங்கே போட்டு என்று சுழற்றினார். வங்கிகளிடம் பொய்யான தகவல் சொன்னதாக அவர் மேல் வழக்கு. 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவரை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. செக் என்பது எந்தத் தகவலையும் சொல்லும் கூற்றே அல்ல, ஆகவே அது உண்மையாகவும் இருக்க முடியாது, பொய்யாகவும் இருக்க முடியாது என்பது ஐந்து நீதிபதிகளின் முடிவு. நான்கு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் யோக்கியன் என்று அந்த ஐந்து பேரும் சொல்லவில்லை. அவர் கொடுத்த காகிதத்தில் ‘என் கணக்கில் பணம் இருக்கிறது’ என்று எங்கும் எழுதியில்லை, அவ்வளவுதான். ‘பே’ என்பதில் பொய் சொல்ல இடம் எங்கே?

நம் ஊரிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருந்தது. பின்னால் வரப்போகிற தேதியைப் போட்டுக் கொடுத்த செக் திரும்பினால் ஏமாற்று வழக்கு போடலாமா என்று ஆட்கள் போவார்கள். கொடுத்த அன்றைக்கே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால் வழக்கு நிற்கும், இல்லையென்றால் நிற்காது. டிசம்பரில் பணம் வரும் என்று ஆகஸ்டில் மனதார நம்பி எழுதிக் கொடுத்தவன் ஏமாற்றுக்காரன் இல்லை, கடன்காரன். மனசுக்குள் என்ன இருந்தது என்று நிரூபிக்கிற இந்தத் தலைவலியைத் தாண்டத்தான் 1988இல் 138ஆவது பிரிவைக் கொண்டுவந்து 1989 ஏப்ரல் 1 முதல் அமல்படுத்தினார்கள். அதற்கப்புறம் எண்ணம் என்ன என்ற கேள்வி தேவையில்லை. கடனுக்காகக் கொடுத்த செக், பணம் போதவில்லை என்று திரும்பியதா, நோட்டீஸ் போனதா, பணம் வந்ததா? இவ்வளவுதான்.

திரும்ப அறைக்கு வருவோம். அந்தப் பிரிவைச் செந்தில் என் கையிலிருந்து பிடுங்கி அவனே படிக்க ஆரம்பித்திருந்தான். அவன் படித்துக் கண்டுபிடித்த ஒரு விஷயத்தை இன்றைக்கும் கட்சிக்காரர்களுக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. செக் திரும்பிய அன்றைக்குக் குற்றம் நடப்பதில்லை. வங்கி ரிட்டர்ன் மெமோ கொடுத்ததிலிருந்து முப்பது நாளுக்குள் செக்கை வைத்திருப்பவர் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து எழுதியவருக்குப் பதினைந்து நாள் அவகாசம். அந்தப் பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் குற்றமே இல்லை. கொடுக்காமல் பதினைந்து நாள் ஓடிவிட்டால்தான் குற்றம் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும்.

“பாத்தியா? பேங்க் திருப்புனதுக்கு யாருக்கும் தண்டனை இல்ல. நோட்டீஸ் வந்த பின்னாடி அந்த ஆளு நேரா, கையோட பணத்தைக் குடுக்காம இருந்தானே, அதுக்குத்தான் தண்டனை. அந்தப் பதினஞ்சு நாள்ல பேங்கே கிடையாது. ரெண்டே பேரு. எங்கப்பாவும் யாவாரியும். அது வாக்கு இல்லாம வேற என்ன?”

எனக்கு உள்ளுக்குள் பிடித்துவிட்டது. ஆனால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒத்துக்கொள்கிற ஆளா நான்? நாளைக்குத் தாளில் செக் வாக்கு என்று எழுதினால் பூஜ்யம் வரும் என்று மிரட்டினேன்.

அவன் அதைக் காதில் வாங்காமல் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். அப்பா அன்று சாயங்காலம் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது. மறுநாள் பேங்கில் போடப்போகிற செக், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். நீலப் பால்பாயிண்ட் பேனா. தேதிக் கட்டங்களில் 05122017. இடது மூலையில் இரண்டு சாய்கோடு. ஒரு லட்சத்து எண்பதாயிரம் மட்டும் என்று கோடு தாண்டாமல் எழுதியிருந்தது. கையெழுத்துக்குக் கீழே கடை ரப்பர் ஸ்டாம்பு கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. தேதியிலிருந்து மூணு மாசம் செல்லும். நாளைக்கே போடலாம்” என்றேன்.

“போட்டா வருமான்னுதான் தெரியல. தீபாவளிக்கு முன்னாடியே முப்பதாயிரம் ரொக்கமாக் குடுத்துட்டாரு, மீதிக்கு இந்தச் செக்கு இருக்குதுன்னு அப்பா சொன்னாரு.”

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“முப்பதாயிரம் இந்த ஒண்ணு எண்பதுலயா?”

“ஆமா. நோட்டுல வரவு வெச்சுருக்காரு.”

அங்கேதான் எங்கள் சண்டை தலைகீழானது. அதுவரை செக்கை வாக்கு என்று பிடிவாதம் பிடித்தவன் அவன். ஆனால் வாக்கு என்றால், முப்பதாயிரம் கொடுத்த அன்றைக்கே வாக்கில் அந்த அளவு நிறைவேறிவிட்டது. மிச்சம் ஒன்றரை லட்சம்தான். செக்கோ இன்னும் ஒன்று எண்பது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் வாக்கு செக்குக்குள் இல்லை. வெளியே, இரண்டு பேருக்கும் நடுவிலான கணக்கில் இருக்கிறது. செக் அதன் பழைய போட்டோ.

நானோ ராத்திரி முழுக்க செக் ஆணை என்று வாதாடியவன். ஆணைக்கு முப்பதாயிரம் தெரியாது. வங்கிக்கு அந்தத் தீபாவளி ரொக்கத்தைப் பற்றி யாரும் சொல்லப்போவதில்லை. கணக்கில் பணம் இருந்தால் ஒன்று எண்பதையும் தூக்கிக் கொடுத்துவிடும். என் வாதப்படி செக்கைப் போடுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் போடாதே என்று பதறியவன் நான்!

“வந்தா, முப்பதாயிரத்தை அப்பா திருப்பிக் குடுத்துடுவாரு. அவர் அப்படிப்பட்ட ஆள்தான்” என்றான் செந்தில்.

“வந்தாச் சரி. வரலைன்னா? நோட்டீஸ்ல எவ்வளவு கேப்ப?”

நோட்டீஸில் அந்தத் தொகையைக் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு. அந்தத் தொகை என்றால் செக்கில் இருக்கிற தொகை. ஒன்று எண்பது கேட்டால், இல்லாத கடனைக் கேட்ட மாதிரி ஆகிவிடும். அந்த வியாபாரி கோர்ட்டில் ரசீதைக் காட்டி, நான் பாக்கி வைத்தது ஒன்றரைதான், இவர் கூடுதலாகப் போட்டார் என்பார். ஒன்றரை கேட்டால், செக் தொகையைக் கேட்கவில்லையே என்பார். கடனை முழுதாகவோ பகுதியாகவோ தீர்க்க எழுதிய செக்காக இருந்தால்தான் 138 பாயும். கடனைவிடப் பெரிய தொகைக்கு இருக்கிற செக் எந்தப் பகுதி?

ராத்திரி இரண்டு மணிக்கு மேல் பேர் ஆக்டை ஒவ்வொரு பிரிவாகத் தள்ளிக்கொண்டே போனோம். சிலபஸில் இருந்தும் எந்தக் கைடும் கண்டுகொள்ளாத ஐம்பத்தாறாவது பிரிவைச் செந்தில்தான் பிடித்தான். ஆவணத்தின் தொகையில் ஒரு பகுதி ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தால், அதை அந்த ஆவணத்திலேயே குறிப்பாக எழுதிக்கொள்ளலாம். அதன் பிறகு மீதித் தொகைக்கு அது செல்லும். நோட்டில் வைத்த வரவை செக்கின் முதுகிலும் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

புத்தகத்தில் இது அழகாக இருக்கிறது. கவுண்டரில் அப்படி இல்லை. முன்பக்கம் ஒரு தொகை, பின்பக்கம் இன்னொரு தொகை என்று செக்கை நீட்டினால் அங்கே உட்கார்ந்திருப்பவர் தலையைச் சொறிவார். செக்கின் படம்தான் கிளியரிங்குக்குப் போகிறது என்பதால், தொகையை அடித்துத் திருத்தி ஓரத்தில் கையெழுத்துப் போடுகிற பழைய வழக்கமும் செல்லாது. தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர எந்தத் திருத்தமும் ஏற்கமாட்டார்கள். ஆகவே நடைமுறையில் ஒரே வழி, பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதித் தொகைக்குப் புதுச் செக் வாங்குவது.

நாங்கள் அன்று இருட்டில் தடவிய விஷயத்துக்கு உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் விளக்குப் போட்டது. குஜராத்திலிருந்து போன வழக்கு. இருபது லட்சம் கடன், இருபது லட்சத்துக்கே செக். ஆனால் செக்கைப் போடுவதற்குள் கடன் வாங்கியவர் நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே திருப்பிக் கொடுத்திருந்தார். கடன் கொடுத்தவர் அதை எங்கும் குறிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டார், திரும்பியது. கோர்ட் சொன்னது: செக்கைப் போடுகிற நாளில் உண்மையில் பாக்கி இருக்கிற கடனைத்தான் செக் பிரதிபலிக்க வேண்டும். இடையில் பகுதித் தொகை வந்திருந்தால் 56ஆவது பிரிவின்படி குறிப்பு எழுத வேண்டும். எழுதாமல் முழுத் தொகைக்குப் போட்டால் 138இல் குற்றம் ஆகாது.

இந்தத் தீர்ப்பைப் படித்ததும் நான் செந்திலுக்குத்தான் அனுப்பினேன். “ரெண்டு பேர் சொன்னதும் பாதிப்பாதி சரி போல” என்று பதில் போட்டான். எனக்கென்னவோ அவன் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்த மாதிரிதான் படுகிறது. வங்கியைப் பொறுத்தவரை செக் ஆணைதான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் தண்டனை என்று வரும்போது கோர்ட் ஆணையைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் இரண்டு பேருக்கு நடுவில் அன்றைய தேதிக்கு என்ன பாக்கி என்றுதான் பார்க்கிறது.

விடியற்காலை ஆறு மணிக்கு, பல்கூட விளக்காமல், செந்தில் ஊருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் தறிச் சத்தம் முதலில் வந்தது, அப்புறம் அப்பாவின் குரல்.

“அப்பா, அந்தச் செக்கை இன்னைக்குப் போட வேண்டாமுங்க.”

“ஏஞ் சாமி? தேதி இன்னைக்குத்தானே?”

விளக்கினான். ராத்திரி என்னிடம் கத்தியதைவிட நூறு மடங்கு பொறுமையாக. அப்பாவுக்குச் சட்டம் புரிந்ததா என்று தெரியாது, கணக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் வேறு செக் கேட்பதில் அவருக்குச் சங்கடம். நம்பவில்லை என்று அந்த வியாபாரி நினைத்துக்கொள்வாராம். “அதிகமா எழுதியிருக்கறதைக் கொறைக்கத்தானுங்க கேக்கறோம், அவருக்கு நல்லதுதானேப்பா” என்றான் செந்தில். “அதுவுஞ் சரிதான்” என்று சொல்லிவிட்டு, பரீட்சைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

பரீட்சையில் செக்குக்கும் புரோநோட்டுக்கும் உள்ள வேறுபாடு வந்தது. ஆணை, வாக்கு என்று நான் எழுதினேன். அவனும் அதையேதான் எழுதினான். அடியில் முப்பதாவது பிரிவைப் போட்டு இரண்டு பத்தி கூடுதலாக எழுதியதாகச் சொன்னான். மார்க் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வியாபாரி மறுப்புச் சொல்லாமல் ஒன்றரை லட்சத்துக்குப் புதுச் செக் கொடுத்தார், தேதி மட்டும் டிசம்பர் 20. பழையதை வாங்கிக் கிழித்தார். ஜி.எஸ்.டி. வந்த வருடம், ஈரோட்டுப் பக்கம் பலருக்கும் பணம் முடங்கிக் கிடந்தது. அப்பா 21ஆம் தேதி செக்கைப் போட்டார். 22ஆம் தேதி பணம் போதவில்லை என்ற மெமோவோடு திரும்பியது. புது வருஷம் பிறக்கட்டும் என்றார் வியாபாரி. பிறந்தது. பொங்கலுக்குள் என்றார். முப்பது நாள் ஜனவரி 21ஆம் தேதியோடு முடிகிறது என்று செந்தில் இங்கிருந்து தினமும் நச்சரித்ததில், ஊரில் ஒரு வக்கீலைப் பிடித்து ஜனவரி 8ஆம் தேதி பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. தொகை ஒன்றரை லட்சம் என்று செக்கிலும் நோட்டீஸிலும் நோட்டிலும் ஒன்றாகவே இருந்தது. 10ஆம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். பதினைந்து நாள் 25ஆம் தேதி முடியும். 24ஆம் தேதி மத்தியானம் அப்பாவின் கணக்கில் முழுத் தொகையும் வந்து விழுந்தது. போனில் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

கேஸும் இல்லை, குற்றமும் இல்லை. திரும்பிய செக்கை மெமோவோடு சேர்த்து அப்பா அவரிடமே கொடுத்தனுப்பினார். கொஞ்ச நாள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்திரையில் அதே வியாபாரி மறுபடி துணி கேட்டு ஆள் அனுப்பினார். அப்பா லோடு ஏற்றிவிட்டார். பணத்துக்கு என்ன வாங்கினீர்கள் என்று செந்தில் கேட்டதற்கு, “செக்குத்தான், வேறென்ன குடுப்பாரு?” என்றாராம்.